60 டிகிரியில் 426: எலக்ட்ரானா குற்றவாளி, மேசையா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீசியம்-137 தரும் காமா கதிரை அலுமினியத் தண்டில் சிதறவிட்டு, 60 டிகிரியில் அதன் ஆற்றலை அளக்கும் செய்முறை எனக்கு வந்தது. 426 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிடைத்தது. தோழிகள் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் 402 இருக்கிறது. ஆசிரியர் "நீயும் 402 என்றே எழுதிக்கொள்" என்றார். மனம் ஒப்பாமல் வீட்டில் கணக்குப் போட்டேன். அலைநீள மாற்றம் 1.213 பிகோமீட்டர், அதற்குரிய ஆற்றல் 1022, அதை 662இலிருந்து கழித்தால் மைனஸ் 360 வருகிறது! ஒரு தோழிக்குக் கால்குலேட்டரில் 188 வந்ததாம். காம்ப்டன் சிதறல் சூத்திரம் "கட்டற்ற எலக்ட்ரானுக்கு" என்கிறது, அலுமினியத்தில் எலக்ட்ரான் அணுவோடு கட்டுண்டுதானே இருக்கிறது, அதனால்தான் இத்தனை குழப்பமா? அடுத்த மாதம் வைவா. 402 என்று மாற்றி எழுதிவிடலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த மைனஸ் 360ஐத் தீர்த்துவிடுவோம். உங்கள் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் சரி, கடைசிக் கழித்தல் மட்டும்தான் தவறு. சூத்திரம் இப்படி:

```
λ' − λ = (h/mc)(1 − cos θ)
```

h/mc என்பது 2.426 பிகோமீட்டர். 60 டிகிரிக்கு cos θ அரை. ஆகவே மாற்றம் 1.213 பிகோமீட்டர். இதுவரை நீங்கள் செய்தது சரி. ஆனால் இந்த 1.213 என்பது இரண்டு அலைநீளங்களுக்கு இடையிலான வித்தியாசம். அந்த அலைநீளத்தோடு ஒரு ஃபோட்டான் எங்கும் பறக்கவில்லை. இல்லாத ஃபோட்டானுக்கு நீங்கள் ஆற்றல் கண்டுபிடித்து, அதை இருக்கும் ஃபோட்டானிலிருந்து கழித்திருக்கிறீர்கள். ஆற்றலும் அலைநீளமும் தலைகீழ் உறவுக்காரர்கள். ஒன்றில் கூட்டலாக இருப்பது மற்றொன்றில் கழித்தலாக மாறிவிடாது.

சரியான வழியில் ஒருமுறை நடந்து பார்ப்போம். சீசியத்தின் காமா கதிர் 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கே.இ.வி.). ஆற்றலையும் அலைநீளத்தையும் பெருக்கினால் எப்போதும் 1239.8 வரும், அலைநீளம் பிகோமீட்டரில் இருந்தால். எனவே வருகிற ஃபோட்டானின் அலைநீளம் 1239.8-ஐ 661.7ஆல் வகுத்தால் கிடைக்கும் 1.874. அதோடு 1.213ஐக் கூட்டுங்கள்: 3.087. இது சிதறிய ஃபோட்டானின் அலைநீளம். மறுபடி 1239.8-ஐ இதால் வகுத்தால் 401.6 கே.இ.வி. உங்கள் தோழிகளின் 402 இதுதான். மீதமுள்ள 260 கே.இ.வி. எலக்ட்ரானுக்குப் போனது. அந்த எலக்ட்ரான் மறுபக்கமாக 37 டிகிரியில் கிளம்பி, ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் அலுமினியத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் உங்கள் டிடெக்டர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஒவ்வொரு முறையும் அலைநீளத்துக்குப் போய்த் திரும்புவது அலுப்பாக இருந்தால், இதே சூத்திரத்தை ஆற்றலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

```
1/E' = 1/E + (1 − cos θ)/mc²
E' = E / [1 + (E/mc²)(1 − cos θ)]
```

mc² என்பது எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல், 511 கே.இ.வி. பாடப்புத்தகங்கள் இரண்டாவது வரியைக் கட்டம் போட்டுக் காட்டும். எனக்குப் பிடித்தது முதல் வரி. கூட்டப்படுவது ஆற்றல் அல்ல, ஆற்றலின் தலைகீழி என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. உங்களுக்கு வந்த 1022 என்ற எண்ணும் தற்செயல் அல்ல: 60 டிகிரியில் அது சரியாக 511இன் இரு மடங்கு. எந்த ஆற்றலுள்ள கதிரை அனுப்பினாலும் அங்கே அதே 1022தான் வரும். வருகிற கதிரைப் பற்றி எதுவுமே அறியாத ஓர் எண்ணை அதன் ஆற்றலிலிருந்து எப்படிக் கழிப்பது?

தோழியின் 188

கால்குலேட்டர் ரேடியனில் இருந்திருக்கிறது. 60 ரேடியனுக்கு கொசைன் மைனஸ் 0.952; அதைச் சூத்திரத்தில் போட்டால் 187.5 வரும். இந்தப் பிழையின் விஷமம் என்னவென்றால், விடை பார்ப்பதற்கு நம்பும்படியாக இருப்பதுதான். 661.7 கே.இ.வி. ஃபோட்டான் நேர் பின்னோக்கித் திரும்பினாலும், அதாவது 180 டிகிரியிலும், அதனிடம் 184.3 மிஞ்சும். அதற்குக் கீழே ஒற்றைச் சிதறலில் இறங்க முடியாது. 150 என்று வந்திருந்தால் உடனே பிழை என்று தெரிந்திருக்கும். 188 அந்தத் தரைக்குச் சற்று மேலே நிற்பதால் தப்பித்துவிட்டது. 60 டிகிரி என்பது முன்பக்கச் சிதறல், பாதி ஆற்றலுக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற தோராயம் மனதில் இருந்தால் போதும்.

கட்டுண்ட எலக்ட்ரான் என்ற சந்தேகம்

நல்ல சந்தேகம், ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி அது அல்ல. அலுமினிய அணுவில் மிக இறுக்கமாகக் கட்டுண்டிருக்கும் உட்கூட்டு எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கவே ஏறத்தாழ 1.6 கே.இ.வி. போதும். வெளிக்கூட்டில் உள்ளவற்றுக்குச் சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுகூடத் தேவையில்லை. நம் ஃபோட்டானோ 260 கே.இ.வி.யைக் கொடுத்து அடிக்கிறது. வாசலில் ஒரு நூலைக் கட்டி லாரியை நிறுத்தப் பார்ப்பது போன்றது அந்தக் கட்டு. தவிர, எலக்ட்ரான் அணுவுக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பதன் விளைவு நிறமாலையின் உச்சியைச் சற்று அகலமாக்கும். இரண்டு பக்கமும் பரப்பும். முழு உச்சியையும் 24 கே.இ.வி. மேலே தூக்கி வைக்காது.

இந்தச் சந்தேகம் உண்மையிலேயே பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஆர்தர் காம்ப்டன் பயன்படுத்தியது காமா கதிர் அல்ல, மாலிப்டினத்தின் எக்ஸ் கதிர். அதன் ஆற்றல் சுமார் 17 கே.இ.வி. மட்டுமே. கிராஃபைட்டில் சிதறவிட்டபோது அவருக்கு ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு உச்சிகள் கிடைத்தன. ஒன்று இடம்பெயர்ந்தது, மற்றொன்று பழைய அலைநீளத்திலேயே அசையாமல் நின்றது. அசையாத உச்சி, எலக்ட்ரான் அணுவைவிட்டு வெளியேறாமல் அணு முழுதுமாக உதையை வாங்கிக்கொண்ட சிதறல்களிலிருந்து வருவது. சூத்திரத்தில் m என்ற இடத்தில் கார்பன் அணுவின் நிறையைப் போடுங்கள். அது எலக்ட்ரானைப் போல் சுமார் 22,000 மடங்கு. ஆகவே மாற்றம் 22,000 மடங்கு சிறிதாகி, கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஆக, கட்டுண்ட நிலை குறுக்கிட்டால் உச்சி அசையாமல் நிற்கும், அல்லது அகலமாகும். உங்களுடையது 426இல் நிற்கிறது. வேறு இடத்தில் தேட வேண்டும்.

24 கே.இ.வி. எங்கிருந்து வந்தது

இரண்டு பேர் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஒன்று, ஆற்றல் அளவுகோல்: கருவியின் எந்தச் சேனல் எத்தனை கே.இ.வி. என்று நீங்கள் போட்ட கணக்கு. மற்றொன்று, கோணம்: மேசையில் 60 என்று எழுதியிருக்கும் இடம் உண்மையிலேயே 60தானா?

ஒளிபெருக்கிக் குழாய்க்கு மின்னழுத்தம் கொடுத்த உடனே அளவெடுத்தால், அது சூடாகி நிலைகொள்ளும்வரை உச்சிகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் அளவுகோல் போட்டு மாலையில் சிதறலை எடுத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் எல்லா உச்சிகளும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உயர்ந்திருக்கும். 402 என்பது 426 ஆனால் ஆறு சதவீதம். அதே நேரத்தில் அளவுகோல் மூலத்தை டிடெக்டர் முன் வைத்துப் பார்த்தால், 662 உச்சி 701இல் போய் நிற்கும். ஆகவே முதல் சோதனை எளிது: சிதறல் அளவு முடிந்த கையோடு, எதையும் அணைக்காமல் 662 உச்சியை மறுபடி பாருங்கள். அது தன் இடத்திலேயே இருந்தால் அளவுகோல் நிரபராதி.

அடுத்தது கோணம். 60 டிகிரிக்கு அருகில் கோணம் ஒரு டிகிரி மாறினால் சிதறிய ஆற்றல் கிட்டத்தட்ட 4.8 கே.இ.வி. மாறும். உங்கள் 24 என்பது இந்தக் கணக்கில் ஐந்து டிகிரி. உண்மையான கோணம் 55 என்றால் சூத்திரம் தருவது 426.3. நீங்கள் படித்தது 426. என் ஊகம் இதுதான்.

ஐந்து டிகிரி பெரிய பிழையாகத் தோன்றலாம். ஆய்வகத்தில் அது மிகச் சாதாரணம். ஈயக் குழாயின் துளையும் தண்டின் நடுவும் மேசையின் சுழல் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் போதும். டிடெக்டர் தண்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் இருந்து, தண்டு மையத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருந்தாலே நாலரை டிகிரி போய்விடும். நான் பாடம் நடத்திய ஆய்வகம் ஒன்றில், சுழலும் கையில் ஒட்டியிருந்த காகித முள் கோடை வெயிலில் பசை விட்டு நகர்ந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கண்ணளவில் மறுபடி ஒட்டிவைத்தார். மூன்று ஆண்டுகள் அத்தனை மாணவர்களும் 402 என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் அத்தனை நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "சரி, 90 டிகிரியிலும் அளந்து பார்த்துவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே எதிர்பார்ப்பது 288. அளவுகோல் ஆறு சதவீதம் பிசகியிருந்தால் 305 வரும். கோணம் ஐந்து டிகிரி பிசகி உண்மையில் 85 ஆக இருந்தால் 303 வரும். இரண்டுக்கும் இரண்டே கே.இ.வி. வித்தியாசம். சோடியம் அயோடைடு படிகத்தில் அந்த உச்சியின் அகலமே முப்பதுக்கு அருகில் இருக்கும். அதில் இரண்டைப் பிரித்தறிய முடியாது. அளவெடுத்த களைப்புத்தான் மிச்சம்.

இரண்டையும் தெளிவாகப் பிரிப்பது கையை மறுபக்கம் திருப்புவது. இதுவரை இடப்பக்கம் 60இல் எடுத்தீர்கள் என்றால், வலப்பக்கம் 60இல் அதே நேரம் எடுங்கள். சுழியே ஐந்து டிகிரி தள்ளியிருந்தால், இடப்பக்கம் 60 என்பது உண்மையில் 55ஆக இருக்கும்போது வலப்பக்கம் 60 என்பது 65 ஆகிவிடும். 65க்குச் சூத்திரம் தருவது 378.6. ஆக, ஒரு பக்கம் 426, மறுபக்கம் 379. இரண்டின் சராசரி 402.5. பிசகு எத்தனை டிகிரி என்று தெரியாமலேயே சராசரி அதை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. அளவுகோல்தான் குற்றவாளி என்றால் வலப்பக்கமும் 426தான் வரும். ஒரே ஒரு அளவில் வழக்கு முடிந்துவிடும்.

அளவெடுக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்டோடு எடுத்த நிறமாலையிலிருந்து, தண்டை எடுத்துவிட்டு அதே நேரம் எடுத்த நிறமாலையைக் கழியுங்கள். இல்லாவிட்டால் ஈயத்திலும் சுவரிலும் சிதறி வருவது உச்சியை ஒரு பக்கம் சாய்த்து, அதன் நடுவை நகர்த்திவிடும். மற்றொன்று, முடிவை 402.5 என்று தசமத்தோடு எழுதி மயங்க வேண்டாம். இரண்டு அங்குல டிடெக்டரை 25 சென்டிமீட்டரில் வைத்தால், அது ஒரு கோணத்தை அல்ல, ஏறத்தாழ 12 டிகிரி அகலமுள்ள ஒரு துண்டையே பார்க்கிறது. உச்சியின் நடுவைச் சில கே.இ.வி. பிழை எல்லைக்குள் சொல்ல முடிந்தாலே பெரிது.

ரெக்கார்டு நோட்டில் எதை எழுதுவது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

402 என்று எழுதிவிடுவது முதலாவது. இதில் உள்ள ஆபத்தை நீங்கள் நினைப்பதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கலாம். 662 உச்சி 331ஆம் சேனலில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேனலுக்கு 2 கே.இ.வி. உங்கள் அச்சுப்பிரதியில் உச்சி 213ஆம் சேனலில் நிற்கும். 402க்கு அது 201இல் இருக்க வேண்டும். படத்தை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் 402 என்று எழுதினால், வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு ஒரு வகுத்தல் போதும். அதன் பிறகு வைவாவில் கேட்கப்படும் கேள்விகள் இயற்பியல் கேள்விகளாக இருக்காது.

426 என்று எழுதி, "பிழை 6 சதவீதம்" என்று முடித்துவிடுவது இரண்டாவது. நேர்மையானதுதான், ஆனால் அரைவேலை. இதிலேயே சிலர் ஒரு படி மேலே போய், "426 வந்திருப்பதால் கோணம் 55" என்று சூத்திரத்தைக் கொண்டே கோணத்தைத் திருத்தி, பிறகு அந்தக் கோணத்தைக் கொண்டு சூத்திரம் சரி என்று நிறுவுவார்கள். சாட்சியே தன் சாட்சிக்குச் சான்று சொல்வது போன்றது இது. மேலே 55 என்று நான் சொன்னதும் ஊகம்தான். வலப்பக்க அளவு வரும்வரை நோட்டிலும் அதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது, மறுபக்கம் அளந்து இரண்டையும் எழுதுவது. நான் பரிந்துரைப்பது இதை. இடம் 426, வலம் இத்தனை, சராசரி இத்தனை, இதிலிருந்து தெரியும் சுழிப் பிசகு இத்தனை டிகிரி என்று நான்கு வரி. நேரம் கிடைத்தால் 30, 90, 120 டிகிரிகளிலும் இரு பக்கமும் எடுங்கள். சராசரியின் தலைகீழியை நெடுக்கையிலும் 1 − cos θ-ஐக் கிடக்கையிலும் குறித்தால் நேர்கோடு வரும். அதன் சரிவு 511இன் தலைகீழி. எலக்ட்ரானின் நிறையை நீங்களே அளந்துவிட்டீர்கள் என்று பொருள்.

எண் பொருந்தாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் புரிகிறது. 1923இல் காம்ப்டன் வெளியிட்ட கட்டுரையில் 90 டிகிரிக்கு அவர் கணக்கிட்ட மாற்றம் 0.024 ஆங்ஸ்ட்ராம், அளந்தது 0.022. எட்டு சதவீத வித்தியாசம். உங்கள் ஆறைவிட அதிகம். இரண்டு எண்களையும் அவர் அப்படியே அச்சில் போட்டார். 1927இல் நோபல் பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான்.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"402 என்று எழுதிக்கொள்" என்றவரிடம் போய், "நீங்கள் சொன்னது தவறு" என்று தொடங்க வேண்டாம். பெரும்பாலும் அது அலுப்பில் வந்த சொல். ஒரே கருவிக்கு முப்பது மாணவர்கள் வரிசையில் நின்றால் யாருக்கும் வரும். "ஐயா, வலப்பக்கமும் ஒரு அளவு எடுத்துக்கொள்ளட்டுமா, ஒரு மணி நேரம் போதும்" என்று கேளுங்கள். கருவியில் சந்தேகம் வந்தால் அளவை மறுபடி எடுக்கக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை மறுக்கும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் நீங்களாக ஆய்வகத்தைத் திறக்கவோ, தண்டை நேராக்குகிறேன் என்று கற்றையின் குறுக்கே கையை நீட்டவோ வேண்டாம் அம்மா. தண்டைத் தொடும்போதெல்லாம் ஈயக் கதவு மூடியிருக்க வேண்டும்.

வலப்பக்கத்தில் 380ஐ ஒட்டி ஏதாவது வந்தால் மேலே சொன்னபடி எழுதுங்கள். அங்கும் 426தான் வந்தது, 662 உச்சியும் அசையாமல் நின்றது என்றால், என் ஊகம் தவறு. அப்போது இரண்டு பக்கத்து அச்சுப்பிரதிகளையும் தண்டு இல்லாமல் எடுத்ததையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.